எல்லாரும் திரும்பி வந்தார்கள், ரூத்தாவைத் தவிர

நீலச் சாயம் தோய்ந்த பஞ்சு, வெட்டியெடுத்த அச்சுத்தாளின் மேல் ஒற்றி ஒற்றி நகர்ந்தது. பழைய எக்ஸ்ரே படத்தில் வெட்டிய தாழம்பூ. தாளைத் தூக்கினால் வெள்ளைத் துணியில் பூ நிற்கும். அடுத்த பூவை அதன் இதழோடு இதழ் சேர வைக்க வேண்டும். கைகள் அதைப் பொருத்திவிட்டுப் பஞ்சை ஓரமாக வைத்தன. சாயம் படாத சுண்டுவிரல் மட்டும் நீண்டு, பக்கத்தில் கிடந்த கைப்பேசியின் திரையைத் தள்ளியது. மறுபடியும் பஞ்சு. மறுபடியும் சுண்டுவிரல்.

"துணிக்கு ஒரு பார்வை, போனுக்கு ஒம்பது பார்வை" என்றான் வாசலில் கோகோ குடித்துக்கொண்டிருந்த கணவன் சேஃபோ. "அந்தப் பூவே பொறாமைப்படும் தெலேசியா."

"சும்மா இரு. ஆளுங்க வந்துட்டு இருக்காங்க."

"எங்க? நம்ம வீட்டுக்கா?"

"பக்கத்துக்கு."

அன்று காலையில்தான் அவளுடைய இணையப் பக்கம் திரும்பக் கிடைத்திருந்தது. வைதெலேயில் தெலேசியா அச்சிட்டுத் தைக்கும் புலெத்தாசிகளை, அதாவது நீண்ட மேல்சட்டையும் பாவாடையும் கொண்ட எங்கள் ஊர் உடுப்பை, வாங்குபவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் வழியாகத்தான் வருவார்கள். ஒரு நாள் அதைத் திறந்தபோது, விதிமீறல், கணக்கு முடக்கப்பட்டது என்று இருந்தது. எந்தப் படத்தில் என்ன மீறல் என்று இல்லை. மேல்முறையீடு செய்தாள். முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காணொளி எடுத்து அனுப்பினாள். வாரங்கள் போன பிறகு, தவறுதலாக முடக்கிவிட்டோம் என்று ஒரு வரி வந்தது.

இடைப்பட்ட காலத்தில் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. விதிமீறல் என்று வெளியே தெரிந்தால், தெலேசியா ஏதோ ஆபாசப் படம் போட்டாள் என்று மறு ஞாயிறுக்குள் மூன்று கிராமம் பேசும். பக்கத்தில் ஏதோ கோளாறு, சரியாகிவிடும் என்று கணவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

இப்போது ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். பதிவுகள் வந்திருந்தன. மணப்பெண்களின் படங்கள், பள்ளிச் சீருடைகள், போன வருடத்து வெள்ளை ஞாயிறு என்ற குழந்தைகள் திருநாள், அவற்றின் கீழே விருப்பங்களும் கருத்துகளும், எல்லாம் போட்டபடியே. பாதி எழுதி வைத்திருந்த வரைவுகள் இல்லை. அவை கைப்பேசியிலேயே இருந்தவை. இடையில் செயலியை நீக்கிவிட்டு மறுபடி போட்டபோதே போய்விட்டன. முடக்கிய அன்று போட்டிருந்த, ஒரு நாள் மட்டுமே நிற்கும் படம், ஆயுள் முடிந்து, யார் கண்ணிலும் படாமல் போயிருந்தது. பழைய உரையாடல்கள் பத்திரமாக இருந்தன.

பின்தொடர்வோரின் எண்ணிக்கையைத்தான் காலையில் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பாதிகூட இல்லை. மதியத்துக்குள் கொஞ்சம் ஏறியது, பிறகு இன்னும் கொஞ்சம். எல்லாம் ஒரேயடியாக வராது, மெல்ல மெல்லத்தான் வரும் என்று அவள் எங்கோ படித்திருந்தாள். அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பெயர்களைத் தேடினாள். முதலில் தேடிய பெயர் ரூத்தா. இருந்தது.

சலெய்மோவா தேவாலயப் பாடகர் குழுவின் தலைவி ரூத்தா. புதுத் தேவாலயத் திறப்பு விழாவுக்குக் குழு முழுவதும் ஒரே அச்சில் உடுத்த வேண்டும். அதைப் பற்றித்தான் இருவரும் கடைசியாகப் பேசியிருந்தார்கள். "நிறம் முடிவாகட்டும், சொல்றேன்" என்று ரூத்தா எழுதியிருந்தாள். "சரிக்கா" என்று தெலேசியா. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இத்தனை வாரம் ஒரு சொல்கூட இல்லை. மனசுக்குள் சின்னதாகக் குத்தினாலும், பெயர் இருக்கிறதே என்று தாழம்பூ மாதிரித்துணியை எடுத்து அச்சிட உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் எண்ணிக்கை அன்றைய உச்சத்துக்குப் போயிருந்தது. தெலேசியா மறுபடி பெயர்களைத் தேடினாள். ரூத்தா இல்லை.

எழுத்தை மாற்றித் தேடினாள். இல்லை. ரூத்தாவின் பக்கத்துக்கே போனாள்; அது திறந்தது. ஆக, ரூத்தா அவளைத் தடுத்து வைக்கவில்லை. எல்லாரும் வந்துகொண்டிருக்கும்போது, காலையில் இருந்த ஒரு பெயர் மட்டும் போகிறது என்றால் அது இயந்திரத்தின் வேலை இல்லை. ஒரு விரலின் வேலை.

ரூத்தா யாரையெல்லாம் பின்தொடர்கிறாள் என்று பார்த்தாள். மேலேயே பெனினா.

பெனினா தெலேசியாவின் தெருவிலேயே மறுகோடியில் அச்சிட்டுத் தைப்பவள். ஒரு காலத்தில் இருவரும் ஒரே மேசையில் துணி விரித்தவர்கள். பெனினாவின் பக்கத்தில் புதிதாக ஒரு படம்: நீலத் துணி, ஈரப்பலா இலை அச்சு, கொடியில் வரிசையாக. "எங்கள் குழுவுக்கு!" என்று கீழே ரூத்தா. அதன் பின்னால் இதயங்கள்.

தெலேசியா அந்தப் படத்தைப் பெரிதாக்கினாள். ஓரத்தில் இலைகள் சரியாகச் சேரவில்லை. அதைக் கண்டதில் ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. இதயங்களை எண்ணினாள். தனக்கு ரூத்தா எப்போதாவது இத்தனை இதயம் போட்டிருக்கிறாளா என்று பழைய பதிவுகளில் போய்ப் பார்த்தாள். இல்லை. கட்டைவிரல்தான்.

"சாப்பிட வா" என்றான் சேஃபோ.

"அவளுக்கு இதயம், எனக்குக் கட்டைவிரல்."

"எனக்கு அதுகூட இல்ல. மீன் ஆறுது, வா."

மறுநாள் மாதிரித்துணியைப் பையில் வைத்துக்கொண்டு சலெய்மோவாவுக்குப் பேருந்து ஏறினாள். ரூத்தா வீட்டுப் பின்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்; கை நிற்கவில்லை.

"என்ன, இப்பதான் கண்ணு தெரிஞ்சுதா?"

"என்னக்கா கேக்குற? பெனினா கிட்டப் போனது நீ. என் பக்கத்துலருந்து பேர எடுத்ததும் நீ."

"எடுத்தேன். என்னைப் பாக்க விடாம மூடி வெச்சவ பக்கத்துல எனக்கென்ன வேலை?"

"நான் எங்க மூடினேன்?"

ரூத்தா துருவல் கட்டையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "நிறம் முடிவாச்சுன்னு எழுத வந்தேன். உன் பேர் இருந்த எடத்துல பேரும் இல்ல, மூஞ்சியும் இல்ல. தேடினேன், ஆளே இல்லைன்னுது. என் தங்கச்சி மகளை என் மருமக மூடி வெச்சப்பவும் அப்படியேதான் இருந்துச்சு. எனக்குத் தெரியாதா?"

"வேற யாரையாவது கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே. குழுவுல எல்லாப் பொம்பளைங்க போன்லயும் நீ இல்ல. சரி, இவ எல்லாரையும் கொத்தாத் தூக்கிப் போட்டுட்டான்னு முடிவு பண்ணிட்டோம். போன தடவ சட்டை கையில இறுக்கமா இருக்குன்னு நான் சொன்னேன்ல, அந்தக் கோவம்னு பேசிக்கிட்டோம்."

"இறுக்கமா இருக்குன்னு சொன்னதுக்கு ஒரு குழுவையேவா மூடுவாங்க?"

"உன் மூஞ்சிக்கு மூடுவ."

தெலேசியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கைப்பேசியை எடுத்துக் காட்டினாள். மேல்முறையீட்டுக்கு வந்த பதில், பிறகு இருவரின் உரையாடல். "பாரு, உன் பேர் இருக்கு. உன் பழைய பேச்செல்லாம் இருக்கு. முடக்கி வெச்சிருந்தப்ப நீ எழுத வந்ததுதான் எனக்கு வரல. வரவும் வராது."

ரூத்தா மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டி, இரண்டையும் நிதானமாகப் படித்தாள். "அப்ப ஒரு பேருந்து ஏறி வந்து சொல்றதுக்கென்ன?"

"விதிமீறல்னு போட்டிருந்தான். என்ன மீறல்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"ஓ." ரூத்தா கண்ணாடியைக் கழற்றினாள். "அதுவா. வெக்கமா. நேத்து திடீர்னு நீ மறுபடி தெரிஞ்சதும், வேலை வேணும்னதும் திறந்துவிட்டுட்டா பாருன்னு கொதிச்சுப் போயிட்டேன். அதான் எடுத்தேன்."

தெலேசியா மாதிரித்துணியை விரித்தாள். ரூத்தா தாழம்பூவை விரலால் தடவிப் பார்த்தாள். நல்லாயிருக்கு என்று சொன்னாள், பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "பெனினாவுக்கு வாக்குக் குடுத்தாச்சு. துணி அச்சாயிடுச்சு. இப்ப மாத்தினா என் வாய் வாயா?"

தெலேசியா மாதிரித்துணியைப் பைக்குள் வைத்தாள்.

"என் சட்டைய மட்டும் நீ தைக்கிறியா? அவ தச்சது போட்டுப் பாத்தேன். மூச்சு இழுத்து உச்ச சுரத்துக்குப் போனா தையல் பிரியும். துணி இன்னும் ஒரு ஆளுக்கு அவகிட்ட இருக்கு."

"என் துணியில தைக்கிறேன்."

"குழு முழுக்க இலை, தலைவி மட்டும் பூவா? சபை பாட்ட விட்டுட்டு என்னையே பாக்கும். பெனினா துணியில தை."

பெனினா கதவைத் திறந்ததும் பின்னால் நகர்ந்து கும்பிடுவது போல் கை காட்டினாள். "வாங்க வாங்க. மூடின கடை திறந்தாச்சா?"

"ரூத்தாக்கா துணி வேணும்."

"தெரியும், சொன்னாங்க. உன்ன எங்கன்னு என்கிட்டயும் நெறைய பேர் கேட்டாங்க. தெரியாதுன்னேன். நிஜமாவே தெரியாது. ஒரே தெரு, எட்டிப் பாத்து ஒரு வார்த்தை சொல்லல நீ."

"சொல்லியிருந்தா எல்லாரையும் என்கிட்ட அனுப்பியிருப்பியா?"

பெனினா துணியை மடித்தபடி யோசித்தாள். "பாதிப் பேர" என்றாள். "உன் பக்கம் காணாமப் போனப்ப எனக்கு ரெண்டு நாள் நல்லாத் தூக்கம் வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்."

"எனக்கு உன் இதயங்கள எண்ணி ஒரு ராத்திரி தூக்கம் போச்சு."

"எத்தன இருந்துச்சு?"

"போடி."

வீட்டில் துணியை விரித்தபோது, படத்தில் பார்த்த அந்த ஓரம் அப்படியே இருந்தது. ஒரு வரிசையில் இலைகள் விரல் அகலம் விலகியிருந்தன. அதை நடு முதுகில் வரும்படி வெட்டலாம். திறப்பு விழாவில் சபைக்கு முதுகைக் காட்டி நின்று பாட்டை நடத்துவது ரூத்தாதான். எல்லாரும் பார்ப்பார்கள். யார் அச்சு என்று கேட்பார்கள். தெலேசியா துணியை அப்படி வைத்தும் பார்த்தாள். கத்தரியைக்கூட எடுத்தாள்.

ஆனால் அந்த முதுகு ரூத்தாவினுடையது. துணியைத் திருப்பினாள். விலகிய வரிசையைக் கைக்கடியில் வரும் தையலுக்குள் மடித்தாள். பக்கத் தையலில் இலையோடு இலை பொருந்தும்வரை குண்டூசியைக் குத்தினாள், பிடுங்கினாள், மறுபடி குத்தினாள். அக்குளில் ஒரு முக்கோணத் துண்டு கூடுதலாக வைத்தாள். பெனினாவைத்தான் எல்லாரும் பாராட்டப் போகிறார்கள் என்ற நினைப்பு ஒவ்வொரு தையலோடும் உள்ளே போனது. தையல் கோணவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் சலெய்மோவாவில் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. ரூத்தா உள்ளறையில் போட்டுப் பார்த்தாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, குரலெடுத்து உச்ச சுரத்தைப் பிடித்தாள். எங்கும் பிரியவில்லை. கதவருகே எட்டிப் பார்த்த பெண்கள் கைதட்டினார்கள். "இலை எவ்வளவு அழகாச் சேந்திருக்கு பாரு, பெனினா கை பெனினா கைதான்" என்றாள் ஒருத்தி.

உள்ளே நின்ற தெலேசியாவுக்கும் அது கேட்டது. ரூத்தா அவளை ஒரு கணம் பார்த்தாள். வெளியே எட்டி, "சேத்தது இவ கை" என்றாள். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

தெலேசியா கழுத்தோரத்தில் நீண்டிருந்த ஒரு நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள். சட்டையைப் பாவாடையோடு சேர்த்து மடித்து, இரண்டு கைகளாலும் ரூத்தாவிடம் நீட்டினாள்.