மரக்காலுக்குள் ஒரு முற்றுகை

“முற்றுகைக் காட்சிகள் மொத்தமும் வேண்டாம். இந்தக் காலத்துக் கதை மட்டும் போதும்.” திரைக்கதையின் முதல் பக்கத்தில் தயாரிப்பாளர் பச்சை மையில் இப்படி எழுதி, தேதியும் போட்டிருந்தார். ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அன்று யாரும் எதையும் தொடங்க மாட்டார்கள், நிறுத்தலாம் போலிருக்கிறது.

செஞ்சிக் கோட்டையின் தேதிகளைச் சேகரிப்பவன் என்று யாரோ சொல்லி, அந்தப் படத்தின் பெண் இயக்குநர் என்னைத் தேடி வந்திருந்தார். அவருக்கு அதுதான் முதல் படம். முற்றுகையின்போது கோட்டைக் கதவை எதிரிக்குத் திறந்துவிட்ட ஒரு காவலாளி. ‘துரோகி வீடு’ என்ற பெயரை இன்றும் சுமக்கும் அவன் வம்சத்துப் பெண். கதை இவ்வளவுதான்.

“முற்றுகையை எடுத்துட்டா, கதவைத் திறந்தான்னு தெரியும். ஏன் திறந்தான்னு தெரியாது சார். அப்புறம் அந்தப் பொண்ணு எதுக்கு அழறா?” என்றார்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த லாட்ஜில் உட்கார்ந்தோம். படத்தின் தயாரிப்பு நிர்வாகியும் உடன் இருந்தார்; வல்லம் பக்கத்துக்காரர். சென்னையில் பல படங்களுக்குக் கணக்குப் பார்த்தவர். ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை பேர், எந்த இடம், பகலா இரவா என்று பிரித்து வைத்திருந்தார். பணத்தை விழுங்கியவை மூன்று: குதிரைப்படை, இரவுப் போர், அடிக்கடி இடம் மாறுவது.

“குதிரையே இல்லாம முற்றுகையா மேடம்? சாணியாவது காட்டுவீங்களா?” என்று இயக்குநரைக் கேட்டார் நிர்வாகி.

“காட்டுவேன் அண்ணே. அதுக்கு கால்ஷீட் வேணாமே.”

முதலில் இயக்குநர் எழுதியது எளிய வழி. காயம்பட்ட ஒருவன் ஓடிவந்து போரை வாயால் விவரிக்கிறான். நிர்வாகிக்கு மகிழ்ச்சி. ஆனால் இயக்குநர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, “ரேடியோ நாடகம்” என்று கிழித்தார்.

பிறகு அவர் ஒரு காட்சியையும் நீக்கவில்லை. ஒவ்வொன்றும் கதையில் என்ன வேலை செய்கிறது என்று பக்கத்தில் எழுதிக்கொண்டு, அந்த வேலையை வேறொரு காட்சியிடம் கொடுத்தார். குதிரைப்படை வந்திறங்குவது, கிணற்றடியில் பெண்கள் குதிரைகளுக்குத் தொட்டி தொட்டியாகத் தண்ணீர் நிரப்பியும் போதாமல் திணறுவதாக மாறியது. காவலாளியின் கல்யாணம், மறுநாள் காலை பந்தல் பிரிப்பதாக மாறியது, கூட்டம் தேவையில்லை. இரவு விடியலானது, ஜெனரேட்டரும் விளக்கு வண்டியும் போயின. போர் முழுவதும் நெற்களஞ்சியத்துக்கு வெளியே, சத்தமாக மட்டும். உள்ளே வீரர் குடும்பங்களுக்கு நெல் அளக்கிறார்கள். முதலில் மரக்கால் குவியலாக, பிறகு தலைதட்டி, பிறகு அரையாக. களஞ்சியத்தின் உட்புறத்துக்கு வல்லம் சாலையில் மூடிக்கிடந்த அரிசி ஆலையின் குடோன். கோட்டையில் அனுமதி வாங்கி ஒரே காலையில் வெளிப்புறம் மட்டும்.

“இது கட்டுப்படியாவும்,” என்றார் நிர்வாகி. “ஆனா அவன் கதவைத் திறக்கிற எடம் இன்னும் ஒட்டல. பசின்னு வசனம் வுட்டா பத்தாது.”

இயக்குநரும் ஒப்புக்கொண்டார். அந்த இடம் இல்லையென்றால், தயாரிப்பாளர் கேட்டபடி வெட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அளப்பவன் “ஒன்று, இரண்டு” என்று எண்ணுவதாக இருந்தது. பிழைதிருத்தும் பழக்கத்தில் சொன்னேன்: “முதல் மரக்காலை ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க. மங்களமா ‘லாபம்’னு சொல்லிட்டு, அப்புறம் ரெண்டு, மூணு.”

“ஆமா மேடம்,” என்றார் நிர்வாகி. “எங்க களத்துல ஒண்ணுன்னு ஆரம்பிச்சா நைனா மரக்காலாலயே மண்டையில போடுவாரு.”

இயக்குநர் பேனாவை எடுத்தார். அளக்கும் காட்சிகள் எல்லாம் “லாபம்” என்று தொடங்கின. கடைசிக் காட்சியில் அளப்பவன் மரக்காலைக் கவிழ்க்கிறான். கால்வாசிகூட இல்லை. வாய் திறக்கிறான், அந்தச் சொல் வரவில்லை. “ஒண்ணு” என்கிறான். வரிசையில் நிற்கும் பெண்கள் அவனை நிமிர்ந்து பார்க்கிறார்கள். அந்த வரிசையில் நின்ற காவலாளி, வாங்காமல் திரும்பிக் கோட்டைக் கதவை நோக்கி நடக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை தயாரிப்பாளர் வந்தார். திண்டிவனத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். நிர்வாகியின் புதுக் கணக்கைப் பார்த்துத் தலையாட்டினார்; பிறகு கடைசிக் காட்சியைப் படித்தார்.

“ஒண்ணுன்னு சொன்னதும் அவன் ஏன் கதவத் தெறந்தான்னு எனக்கே புரியுதும்மா,” என்றார். பாக்கெட்டிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்துத் தம் குறிப்பைக் குறுக்கே அடித்தார். “சரிம்மா, ரெண்டு காலமும் இருக்கட்டும். ஒரு குதிரைகூட வேணாம்தானே?”

“வேணாம் சார்.”

படம் அப்படியே எடுக்கப்பட்டது. நெல் அளக்கும்போது “லாபம்” என்று தொடங்குவதை நானே காதால் கேட்டிருக்கிறேன். ஆனால் முற்றுகைக் காலத்துச் செஞ்சிக் களஞ்சியத்தில் அப்படித்தான் அளந்தார்களா என்பதற்கு இதுவரை ஓர் ஆதாரமும் எனக்குக் கிடைக்கவில்லை. அது இன்னும் சரிபார்க்கப்படாத செய்தி.