கிழமை சரி, தேதி தவறு

கட்டுப்பாட்டு அறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்பை எடுத்து, வண்டியை அனுப்பிவைப்பது வேலை. இருபது வருடத்தில் அறைக்கு மூன்று முறை வெள்ளையடித்தார்கள், நாற்காலியை நான்கு முறை மாற்றினார்கள். அக்காவை மாற்ற யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மேலதிகாரி ஒரு புகார்க் கடிதத்தோடு வந்தார். முந்தின நாள் ஐந்தாம் வண்டி ஒரு மணி நேரம் தாமதமாக வந்ததாக ஒரு நோயாளியின் மகன் எழுதியிருந்தார். ஐந்தாம் வண்டி ஓட்டுநருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஸ்டியரிங்கைப் பிடித்தாலோ ஆளே வேறு.

"பதிவேட்டுல நேத்து பக்கத்தையே காணோம்மா, மொத்தமும் காலி. யாரோ அழிச்சிருக்காங்க. அஞ்சு மணிக்குள்ள பதிவு கிடைக்கலைன்னா அவரை சஸ்பெண்ட் பண்ணணும்."

"நான்தான் சார் அனுப்பினேன். ஒன்பது நிமிஷத்துல போயிட்டாரு."

"உங்க வாய் வார்த்தைய ஃபைல்ல வைக்க முடியுமா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. நிதானத்துக்கு இரண்டு பெண்கள், இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். கணினியைத் துழாவினாள். திங்கள் காலி. ஞாயிறும் காலி. சனிக்கிழமையும் அதற்கு முந்தின பக்கங்களும் ஒழுங்காக இருந்தன. அழிக்கிறவன் ஒரு வரியை அழிப்பான், இரண்டு முழு நாளையா அழிப்பான்? அப்போதுதான் மேசைக்கடியில் இருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தாள். மொட்டைமாடி ஆண்டெனா வழியாக ஜிபிஎஸ் செயற்கைக்கோளிடம் நேரம் வாங்கி, பதிவேட்டுக்குக் கொடுக்கும் பழைய பெட்டி அது. மணி சரி. கிழமை சரி. கீழே பொடி எழுத்தில் இருந்த தேதி மட்டும் பத்தொன்பது வருடம் ஏழரை மாதம் பின்னால் இருந்தது.

சுவர்த்திரையில் கிழமையும் மணியும்தான் பெரிதாகத் தெரியும். அதை நம்பியே எல்லோரும் இரண்டு நாளுக்கு மேல் ஓட்டியிருந்தார்கள்.

அந்தப் பெட்டியைப் பராமரிக்கும் மெக்கானிக்கைப் போனில் பிடித்தாள்.

"பெட்டி கெடலைக்கா," என்றார் அவர். "செயற்கைக்கோள் வருஷத்தைச் சொல்றதில்ல, இது எத்தனாவது வாரம்னு மட்டும் சொல்லும். அதுவும் ஆயிரத்து இருபத்து மூணு வரைக்கும்தான், அப்புறம் மறுபடி பூஜ்யம். உங்க வண்டியில கிலோமீட்டர் மீட்டர் சுத்தி வர்ற மாதிரி. இது எந்தச் சுத்துன்னு பெட்டிதான் ஊகிக்கணும். செஞ்ச கம்பெனி ஒரு வாரத்தை அடிப்படையா எழுதி வெச்சிருப்பான். அதுலேர்ந்து ஆயிரத்து இருபத்து நாலு வாரம் வரைக்கும் சரியாச் சொல்லும். சனிக்கிழமையோட அது முடிஞ்சிருக்கும், பழைய சுத்துக்கே போயிருச்சு."

"கிழமை மட்டும் எப்படி மாறல?"

"முழு முழு வாரமாத்தானே பின்னால போச்சு?"

அப்படியென்றால் பதிவு எங்கும் போகவில்லை, பழைய தேதியில் போய் உட்கார்ந்திருக்கிறது. அக்கா அந்தப் பழைய திங்கட்கிழமையைத் திறந்தாள். வரிசை எண் இரண்டு லட்சத்து எண்பத்து நாலாயிரத்துச் சொச்சம்: ஐந்தாம் வண்டி, அழைப்பு 10.42, சேர்ந்தது 10.51. "அப்பாடா!" என்று வாய்விட்டே சொன்னாள்.

அதற்கு மேல்வரி அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தது. வரிசை எண் 611, இரண்டாம் வண்டி, 10.38. நோயாளியின் நிலையை எழுத வேண்டிய குறிப்புக் கட்டத்தில், அவள் தட்டச்சு செய்தது: 'சாப்பிட்டீங்களா?'

அக்காவுக்குக் காதெல்லாம் சூடேறியது. இங்கே தட்டினால் வண்டிக்குள் இருக்கும் சின்னத் திரையில் தெரியும், அங்கிருந்தும் பதில் தட்டலாம். இரண்டாம் வண்டி ஓட்டுநர் அப்போது அவளுக்கு யாரோ, மறுவருடம் வீட்டுக்காரர். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. அந்தப் பழைய திங்கட்கிழமைக் காலை, ஈரச்சட்டையோடு அவர் சாவியை வாங்கிக்கொண்டு போனது, எல்லாம் பொலபொலவென்று வந்து விழுந்தது. அவரை நினைத்து ஏங்கினாள். அதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை.

ஆனால் இந்த வரியை ஒளிக்க ஆசைப்பட்டாள். முடியாது. பழைய எண்களும் புது எண்களும் ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பதுதான் தேதி பின்னால் போனதற்குச் சாட்சி. வெட்டினால் சாட்சியும் போய்விடும். நிதானத்தின் வேலையா, தன் மானமா? இரண்டு தாளாக அச்செடுத்தாள், இரண்டாம் தாளைப் பார்க்கக்கூட இல்லை, அப்படியே கொண்டுபோய் நீட்டினாள்.

மேலதிகாரி வரிசை எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். மெக்கானிக்கிடமும் போனில் பேசினார். புகார் மேல் 'ஒன்பது நிமிடம், தாமதமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். விரல் திரும்பி 611-இல் வந்து நின்றது.

"யாரும்மா இது, ஆஃபீஸ் நேரத்துல சாப்பாட்டு விசாரணை?"

"நான்தான் சார். அவர்... அப்புறம் எங்க வீட்டுக்காரர்."

மேலதிகாரிக்கு அவரைத் தெரியும், சாவுக்கும் வந்திருந்தார். இரண்டாம் தாளைப் புரட்டினார்.

"பதில் இங்க இருக்கே. பாக்கலியா?"

பதில் வந்ததே அவளுக்கு மறந்துபோயிருந்தது. தாளை வாங்கிப் பார்த்தாள். இரண்டாம் வண்டி, 11.20: 'இல்லை. நீங்களும் சாப்பிட்டுடாதீங்க, இதோ வந்துட்டேன்.'