தாத்தா கையில் அட்டை ஏர்

வெளிநாட்டுத் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்குக் கவிதை எழுதுவதில் எழுதும் வேலை கால் பங்கு. மீதி முக்கால் பங்கு எழுதியதை அடித்து நீக்குவது. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். என் மகன் இருக்கும் ஊரின் சனிக்கிழமைப் பள்ளிக்கு நான் ஐந்து வருடமாக எழுதுகிறேன். இந்த வருடக் கதையை மட்டும் சொல்கிறேன்.

ஒரு மூச்சுக்கு ஒரு வரி

பன்னிரண்டு பிள்ளைகள், நான்கு நிமிடம். மைக் வரை நடந்து வருவதும் அதற்குள் அடக்கம். ஆளுக்கு இரண்டு வரி, வரிக்கு நான்கு சொல்லுக்கு மேல் போகக் கூடாது. போனால் அங்கே பிறந்த பிள்ளைக்கு மூச்சு வாங்கும். போனில் நேரம் வைத்து ஒன்பது முறை படித்துப் பார்த்தேன்.

எட்டாவது படித்தவன் தெரிந்ததைத்தானே எழுத முடியும்? என் ஊர் ஓசூரை எழுதினேன். சானமாவுக் காட்டில் யானை ரோட்டைக் கடக்க, கம்பெனி ஷிப்ட் பஸ் காத்து நிற்பதை எழுதினேன். பேத்தி மித்ராவுக்கென்று இரண்டு வரி தனியாக வைத்தேன்: "என் தாத்தா இரும்பை அளந்தார், மயிரிழைப் பிசகையும் பிடித்தார்." கம்பெனியில் முப்பத்தொரு வருடம், மைக்ரோமீட்டர் வைத்து இரும்புப் பாகங்களை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். அதை அவளிடம் நேரில் சொல்ல எனக்குக் கூச்சம். அவள் வாயாலேயே அவளுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

கவிதையின் தலைப்பைப் பார்த்துவிட்டு மகன் கேட்டான்: "ஓசூரா? அப்பா, இங்க எல்லாரும் மதுரை, தஞ்சாவூர்னுதான் எழுதுவாங்க."

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்

பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச்சு கொஞ்சம் வரும், எழுத்து வராது. அவர்களுக்குத் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்ப வேண்டும். நெடிலுக்கு இரண்டு எழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் சாய்கோடு. தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாய்தான் அடித்துத் தருவார். நான் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அவர் அடித்தார். பதினேழு இடத்தில் திருத்தினேன்.

பிரிண்ட் எடுத்து நீட்டும்போது சொன்னார்: "அண்ணா, அந்தப் புள்ளைங்களுக்குத் தமிழ் வருதோ இல்லையோ, எனக்கு இருந்த இங்கிலீஷும் போச்சு."

சம பங்கு

ஒத்திகை தொடங்கி மூன்றாவது வாரம், இரண்டு பிள்ளைகள் நீச்சல் போட்டி என்று விலகிக்கொண்டார்கள். மிச்சம் பத்துப் பேர், வரி இருபத்து நாலு. விலகியவர்களின் நான்கு வரியை வேறு நால்வருக்குக் கொடுக்கலாம் என்று பள்ளிக்குச் சொன்னேன். முடியாதாம். ஒரு பிள்ளைக்கு மூன்று வரி, இன்னொன்றுக்கு இரண்டு என்றால் பெற்றோர் குழுவில் சண்டை வருமாம். போன வருடம் ஒருவர் மகனின் சொற்களை எண்ணிப் பார்த்துப் புகார் செய்தாராம். ஆகவே நான்கு வரி போக வேண்டும். யானையும் பஸ்ஸும் போயின.

பாடம் நடத்தும் செல்வி டீச்சர் சம்பளம் வாங்காமல் வார விடுமுறையைக் கொடுப்பவர். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் சொன்னார்: "யானை போனா போகட்டும் ஐயா. பேரன்ட்ஸ் போயிட்டா ஸ்கூலே இருக்காது."

மித்ராவின் இரண்டு வரி

விழாவுக்கு ஆறு நாள் முன்னால் பள்ளியிலிருந்து கடைசிப் பிரதி வந்தது. எண்ணினேன், இருபது வரி சரியாக இருந்தது. பதினைந்தாவது, பதினாறாவது வரி மட்டும் என்னுடையது இல்லை: "என் தாத்தா ஏரைப் பிடித்தார், மண்ணில் பொன்னை விளைத்தார்."

நான் ஏரைத் தொட்டதே இல்லை. என் அப்பா கல் உடைத்தவர், அவரும் தொட்டதில்லை. டீச்சருக்கு மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்துவிட்டு, நான்காவது முறை போன் செய்தேன். அவர் நிதானமாகவே பேசினார்: "தாத்தான்னா பசங்களுக்கு விவசாயிதான் ஐயா, பாடத்துல அப்படித்தான் இருக்கு. ஒவ்வொரு பிள்ளைக்கும் கையில ஒரு பொருள் குடுக்கணும். மைக்ரோமீட்டரை நான் அட்டையில எப்படி வெட்டுறது?"

மகனிடம் சொன்னேன். அந்த மைக்ரோமீட்டர் சம்பளத்தில்தான் அவன் இன்ஜினீயரிங் படித்தான். அவன் சொன்னது: "விடுங்கப்பா. கேக்க நல்லாத்தானே இருக்கு."

ஏழு வினாடி

ஞாயிறு காலை நேரலையில் பார்த்தேன். மித்ரா தோளில் அட்டை ஏரோடு வந்தாள். ஒரு எழுத்தும் பிசகவில்லை, ஏழு வினாடி. கைதட்டல் அதைவிட நீண்டது. இவளது தாத்தாதான் கவிதை எழுதியவர், ஓசூரில் விவசாயி என்று மேடையில் அறிவித்தார்கள். அதற்கும் தட்டினார்கள்.

அரை மணி கழித்து அவளே வீடியோவில் கூப்பிட்டாள். பொட்டு கலையாத முகம், அவ்வளவு பெருமை அதில். ஒரு எழுத்தும் பிசகவில்லை என்று மட்டும் சொன்னேன். அவள் கேட்டாள்: "தாத்தா, ரியல் ஏர் எங்க வெச்சிருக்கீங்க? லீவுக்கு வந்தா நான் பிடிச்சுப் பாக்கலாமா?"

மே மாதம் வருகிறாள். அதற்குள் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் யாரிடமாவது ஓர் ஏர் இரவல் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை கேட்ட ஐந்து பேரிடமும் டிராக்டர்தான் இருக்கிறது.