போலி ஆர்டரும் மூன்று நடையும்

ஏற்றுமதிக்காரர் வெளிநாட்டு ஆர்டர் ஒன்றைக் காட்டியதால்தான், அப்பா அவருக்கு முன்பணம் இல்லாமல் உப்பு ஏற்றிவிட்டார். பணம் வரவில்லை, எங்கள் உப்பளத்து ஆட்களின் கூலி நின்றது. குற்றப்பிரிவு ஆய்வாளர் புகாரைப் பிரிக்கவே இல்லை.

"அண்ணாச்சி, இது சிவில் மேட்டர். பணம் தரலன்னா மோசடியாயிருமா?"

ஆகாதுதான். ஆனால் அந்த ஆர்டரே போலி. அதில் பெயரிருந்த நிறுவனம் மறுத்து எழுதிய கடிதத்தைப் புகாரிலிருந்து எடுத்து ஆய்வாளர் முன் விரித்தேன். உப்பை வாங்கும்போதே ஏற்றுமதிக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்பதற்கு அதுவே சான்று.

"இத முதல்லயே காட்டக் கூடாதாம்மா?"

"மூணு தடவ கொண்டாந்தோம் சார். நீங்க அப்பாவ ஏமாளின்னு சிரிச்சீங்க."

அன்று மாலையே மோசடி வழக்குப் பதிவானது. அதே கடிதம், அதே மேசை. அப்பா நன்றி சொன்னார். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.