பெருமைக்கு அடியில் இருந்த கை

அவளை ஸ்டுடியோவில் எல்லோரும் அழிரப்பர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் படங்களில் வேண்டாததை அழிப்பதே பிழைப்பு. மேலே விழுந்த முத்திரை, ஓரத்தில் அடித்த தேதி, யாரோ பேனாவால் கிறுக்கிய மீசை என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அடியில் தோல் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படியே திரும்பக் கட்டிவிடுவாள். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். கோபம் வந்தால் கணினியையே திட்டுவாள்.

அன்று ஒரு பெண் சுருட்டிய போஸ்டரோடு வந்தாள். முப்பது வயதிருக்கும். விரித்துக் காட்டினாள். மருத்துவமனைத் துணிகளைச் சலவை செய்யும் கம்பெனி ஒன்றின் விளம்பரம். வெள்ளை விரிப்புகள் குன்றாகக் குவிந்திருக்க, நடுவில் ஒரு அம்மாள் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள். படத்தின் குறுக்கே பட்டை பட்டையான வெள்ளை எழுத்தில் ‘சுத்தமே எங்கள் பெருமை’. அதில் ‘பெருமை’ மட்டும் கீழே இறங்கி, அந்த அம்மாளின் கன்னத்தையும் புறங்கையையும் கிட்டத்தட்ட முழுசாக மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“எங்கம்மா அக்கா. மூணு மாசத்துக்கு முன்னாடி போயிட்டாங்க. கேமராவைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. சிரிச்ச படம் இது ஒண்ணுதான் இருக்கு. எழுத்தில்லாத படத்தக் குடுங்கன்னு கம்பெனில கேட்டேன். இல்லைன்னுட்டாங்க.”

“ஏன் இருக்காது? போஸ்டர் அடிக்க மட்டும் இருந்துச்சாமா?” அக்காவுக்கு அப்போதே சுர்ரென்று ஏறிவிட்டது. “அந்தம்மா மூஞ்சி மேலயா எழுதணும்? சுத்தி இவ்ளோ வெள்ளைத் துணி கெடக்கே, அதுல எழுதினா கை வலிக்குமா?”

அந்தப் பெண் போஸ்டரின் சுருண்ட ஓரத்தை நீவிவிட்டாள். “முகமும் கையும் முழுசா வந்தா போதும்க்கா. வீட்ல மாட்டணும்” என்றாள்.

ரெண்டு நாள் அக்கா வேறு வேலையைத் தொடவில்லை. போஸ்டரை ஸ்கேன் செய்து, அச்சுப் புள்ளிகளை மெல்லக் கரைத்தாள். பிறகு திரையில் எழுத்துகளை மட்டும் கோடு சுற்றித் தேர்வு செய்தாள். மெலிதான எழுத்தாக இருந்தால் அடியில் கொஞ்சம் தோல் தெரியும், அதை இழுத்து வெளியே கொண்டுவரலாம். இது அடைத்துப் பூசிய வெள்ளை, அடியில் ஒன்றுமே இல்லை. எழுத்தின் இரண்டு பக்கமும் மிச்சமிருக்கும் தோலை வைத்துத்தான் நடுவை ஊகிக்க வேண்டும்.

முதலில் நிறம், பிறகு தோலின் நுணுக்கம். மூக்குக்குப் பக்கத்துக் குழிகள் பெரிசு, காதோரம் போகப் போகப் பொடிசு. இங்கிருப்பதை அங்கே ஒட்டினால் அந்தப் பொய் பல்லிளிக்கும். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருவதால் வலக் கன்னத்தைத் திருப்பிப் போட்டும் ஏமாற்ற முடியாது. சிரிப்புக் கோடு ஒன்று எழுத்தின் மேலே நின்று கீழே மறுபடி தொடங்கியது. அதை நடுவில் இணைத்தாள். புறங்கையில் எழுத்தைச் சுற்றிக் கருப்பாக ஒரு விளிம்பு தெரிந்தது. எழுத்துக்குப் போட்ட நிழல் என்று நினைத்து, தேர்வை நன்றாக அகலமாக்கி, அதையும் சேர்த்து வழித்தெடுத்தாள். அந்த இடத்தை முன்கைப் பக்கத்து நல்ல தோலால் நிரப்பினாள். கடைசியாக முழுப் படத்துக்கும் ஒரே மாதிரி பொடிப் புள்ளிகளைத் திரையிலேயே தூவியதும் ஒட்டுப் போட்ட சுவடே தெரியவில்லை.

ஸ்டுடியோக்காரர் எட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார். “யம்மா! இங்க எழுத்து இருந்துச்சுன்னு சத்தியம் பண்ணாலும் எவனும் நம்ப மாட்டான். முன்னாடி, பின்னாடின்னு ரெண்டையும் வாசல் கண்ணாடிப் பெட்டில வைக்கறோம்.”

அக்காவுக்கும் பெருமிதம்தான். அந்தப் பெண் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தாள்.

பெண் முகத்தைப் பார்த்தாள். கண் நிறைந்தது. “அம்மாதான்” என்றாள். பார்வை கைக்கு இறங்கியது. முகம் மாறிவிட்டது.

“இது யார் கை?”

“என்னம்மா கேக்குற? உங்கம்மா கைதான்.”

“எங்கம்மா கை இப்படி இருக்காது. தழும்பு எங்கக்கா?”

“எந்தத் தழும்பு? நான் என்னத்தக் கண்டேன்? எழுத்துக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு எனக்கு ஜோசியமா தெரியும்?” ரெண்டு நாள் கண்ணெரிய உட்கார்ந்த எரிச்சல் அக்காவின் வாயில் வந்து விழுந்தது. “வரும்போதே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!”

“எழுத்த எடுத்தா அடியில இருக்கறது தெரியும்னு நெனச்சேன்!” பெண்ணும் குரலை உயர்த்தினாள். “நீராவி இஸ்திரி மெஷின்ல கை மாட்டிக்கிச்சு. மூடி தானா எறங்குதுன்னு அம்மா நாலு தடவை சொல்லியும் சரி பண்ணல. மூணு விரலுக்குக் கீழ, மணிக்கட்டு வரைக்கும் வெந்து போச்சு. ஆறினதும் அடுத்த மாசமே அதே மெஷின்ல நிக்க வெச்சானுங்க. அதுக்கப்புறம் எடுத்த படம் இது!”

அக்கா திரையின் பக்கம் திரும்பினாள். ஸ்கேன் செய்த பழைய படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். ‘சுத்தமே’யைச் சுற்றி நிழல் இல்லை. ‘எங்கள்’ பக்கமும் இல்லை. கன்னத்தின் மேல் போன எழுத்துக்குக்கூட இல்லை. கையில் மட்டும்தான் அந்தக் கருப்பு விளிம்பு. நிழலுமில்லை, மண்ணுமில்லை, தீக்காயம் ஆறிய ஓரம். மேல் ரெண்டு சொல்லும் காலி இடத்தில் ஜம்மென்று நிற்க, மூன்றாவது மட்டும் ஏன் இறங்கி வந்தது என்று இப்போது விளங்கியது.

“பாவிங்க! வேணும்னே இங்க கொண்டாந்து வெச்சிருக்கானுங்க.” மேஜையை ஓங்கி அறைந்தாள். “அவன் எழுத்த வெச்சு மறைச்சான். ஏதோ மீதி தெரிஞ்சுக்கிட்டிருந்தத நான் தோலப் போட்டு மறைச்சுட்டேன். இருபத்திரண்டு வருஷம் இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு என்னத்தக் கிழிச்சேன்! மத்த எழுத்த ஒரு தடவை பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

“ஏம்மா, கஸ்டமர் முன்னாடி...” என்று ஸ்டுடியோக்காரர் இழுத்தார். “பாக்க நல்லாத்தானே இருக்கு. போனவங்க கை கொஞ்சம் அழகாத்தான் இருந்துட்டுப் போகட்டுமே.”

“சும்மா இருங்க சார்!”

அக்கா ஒரு பேனாவை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். “உன் கைல வரைஞ்சு காட்டு. எது வரைக்கும்?”

பெண் தன் புறங்கையில் கோடு போட்டாள். யோசித்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். அக்கா நிரப்பிய தோலையெல்லாம் தூக்கிவிட்டு, இந்தத் தடவை எழுத்தின் ஓரத்தை ஒட்டி மட்டும் தேர்வு செய்தாள். கருப்பு விளிம்பு திரும்ப வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். வெந்து ஆறிய தோலில் குழி இருக்காது, முடி இருக்காது, ரேகை ஓடாது. நல்ல தோலிலிருந்து அங்கே எதையும் எடுக்க முடியாது. வெளிறிய நிறத்தைப் பரப்பி, வெளிச்சம் படும் பக்கம் லேசாக மினுக்கம் கொடுத்து, விரல் முட்டியில் இழுத்துப் பிடித்த சுருக்கம் வைத்தாள். பெண் பக்கத்திலேயே நின்று, “இன்னும் மேல”, “இல்ல, இவ்ளோ செவப்பு இல்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் ஆயிற்று. “இதக் கொண்டுபோய் அந்தக் கம்பெனிக்காரன் மூஞ்சில வீசணும்” என்றாள் பெண்.

“வீசாத. எழுத்துக்கு அடியில இருக்கறது நீ சொல்லி நான் வரைஞ்சது. பொய்ப் படம்னு சொல்லித் தப்பிச்சுக்குவான். அவன்கிட்ட போறதா இருந்தா அந்த போஸ்டரையே எடுத்துட்டுப் போ. விளிம்பு அதுல அப்படியே இருக்கு. எங்க வேணும்னாலும் வந்து நான் சொல்றேன்.”

பெண் தலையாட்டினாள். பிறகு திரையில் அந்தத் தழும்பின் மேல் விரலை வைத்தாள். “சின்ன வயசுல ஜுரம் வந்தா இந்தப் புறங்கையத்தான் நெத்தில வைப்பாங்க. இந்த எடம் மட்டும் வழவழன்னு இருக்கும்.”

அவள் படத்தை வாங்கிக்கொண்டு போனதும் ஸ்டுடியோக்காரர் அக்காவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். “அந்த முதல் படம் இருக்குல்ல? தழும்பில்லாத கை. கண்ணாடிப் பெட்டிக்கு அதுதான் எடுப்பா இருக்கும்.”

“அழிச்சுட்டேன்” என்றாள் அக்கா. அதற்கப்புறம்தான் அழித்தாள், அவர் பார்க்கும்படியாகவே.