பதினான்காம் விதி

வாஷர்காரர்: பிறந்த ஆண்டு 1941, மறைந்த ஆண்டு 2016. குழாய்க்கும் பம்புக்கும் ரப்பர் வாஷர் வார்த்த தொழிற்சாலையின் முதலாளி. அழைப்பிதழில்கூட உறவினர்கள் அவரை அப்படித்தான் குறிப்பிட்டார்கள். அவரும் அதைத் திருத்தியதில்லை.

ஒற்றை வார்ப்பு இயந்திரத்தோடு தொடங்கிய தொழிலை, 1984-இல் பிரைவேட் கம்பெனியாகப் பதிவு செய்ய அவரும் அவருடைய தம்பியும் ஆடிட்டரின் அலுவலகத்துக்கு வந்தார்கள். அங்கே பத்திரங்களைத் தட்டச்சு செய்தவன் நான். தம்பியைத் தொழிலாளர்கள் சின்னவர் என்பார்கள். நூறு பங்கில் அண்ணனுக்கு அறுபது, சின்னவருக்கு நாற்பது.

கம்பெனி என்ன தொழில் செய்யலாம் என்று சொல்வது அமைப்பு முறையேட்டின் நோக்கப் பிரிவு. ஆடிட்டர் வழக்கமான நீண்ட பட்டியலை நீட்டினார். வாஷர்காரர் பேனாவை வாங்கி ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் அடித்தார்.

"ரப்பர் வாஷர், கேஸ்கட். தயாரிப்பு, விற்பனை. அது போதும் சார்."

"நாளைக்கு வேற ஏதாவது செய்யணும்னா?"

"நூறு தொழில் எழுதி வச்சா என் தம்பி நூறையும் தொட்டுப் பார்ப்பான். போன வருஷம் கோழிப்பண்ணை, இந்த வருஷம் மனை வியாபாரம். அவன் காலைக் கட்டத்தான் இதைக் கேக்கிறேன்."

சின்னவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "கட்டுங்கண்ணே. கட்டினாலும் நொண்டிக்கிட்டுப் போவேன்."

அடுத்தது பங்கு மாற்றம். பிரைவேட் கம்பெனி என்றால் பங்கை நினைத்தவருக்கு நினைத்தபடி மாற்ற முடியாதபடி, கம்பெனியை உள்ளே நடத்தும் செயல்முறை விதிகளில் ஒரு கட்டுப்பாடு இருந்தே ஆக வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது எழுதுகிறவர்கள் விருப்பம். வாஷர்காரர் சொல்லச் சொல்ல உருவானது பதினான்காம் விதி. உறுப்பினர், அதாவது பங்குதாரர், தம் பங்கை மற்றோர் உறுப்பினருக்கோ, தம் மகனுக்கோ, சகோதரனுக்கோ தடையின்றி மாற்றலாம். வேறு எவருக்கும் மாற்ற வேண்டுமென்றால் முதலில் கம்பெனிக்கு அறிவிப்புக் கொடுத்து, மற்ற உறுப்பினர்களுக்கு முகமதிப்பு விலையில், அதாவது பங்கில் அச்சிட்ட தொடக்க விலையில், தர முன்வர வேண்டும். உறுப்பினர் இறந்தால், அந்தப் பட்டியலில் இல்லாத வாரிசு அத்தகைய அறிவிப்பைக் கொடுத்ததாகவே கொள்ளப்படும்.

ஆடிட்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு ஒரே பொண்ணுதானே? ஆறு வயசு. மகள்ங்கிற வார்த்தையையே காணோமே?"

"மகள்னு எழுதினா மருமகன்னு படிங்க சார். எவனோ ஒருத்தன் வந்து என் நாற்காலியில உட்காருவான். அவளுக்கு நகை இருக்கு, வீடு இருக்கு."

"பின்னாடி மனசு மாறினா, விதியை மாத்த நூத்துக்கு எழுபத்தஞ்சு ஓட்டு வேணும். உங்ககிட்ட அறுபதுதான்."

"மீதி என் தம்பிகிட்டதானே இருக்கு? அவன் என்னை எதிர்ப்பானா?"

சின்னவர் அப்போதும் சிரித்தார். பத்திரம் பதிவாகியது.

வாஷர்காரர் அஞ்சிய மருமகன் வரவே இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் மூன்று பேர். மூவரிடமும் தொழிற்சாலையைப் பற்றி மகள் கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொல்லவில்லை. நான்காவது ஆளை வரவேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வயதில் கலவை அறைக்குள் வந்தவள், முப்பது வயதில் தொழிற்சாலையை நடத்தினாள். கந்தகம் கூடினால் ரப்பர் விறைக்கும்; கூடியிருப்பதை மூக்கால் கண்டுபிடிப்பாள். அப்பா மாத முடிவில் வந்து காசோலையில் கையெழுத்திட்டுப் போவார். சின்னவர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து, பெருஞ்சாலையை ஒட்டிய கம்பெனி நிலத்தை வேலியோரமாக நடந்து பார்த்துவிட்டுப் போவார்.

2015 இறுதியில் வாஷர்காரருக்கு இதய அறுவை நடந்தது. வீடு திரும்பிய வாரமே ஆடிட்டரிடம் வந்தார்.

"என் பங்கை எம் பொண்ணு பேருக்கு மாத்தணும்."

ஆடிட்டர் பதினான்காம் விதியைத் திறந்து அவர் முன்னால் வைத்தார்.

"நான்தான் பெரிய பங்குதாரர். போர்டுல நான்தான் தலைவர்."

"போர்டு பதிவு பண்ணினாலும் கோர்ட்ல நிக்காது சார். விதிக்கு முரண்."

"உயில் எழுதினா?"

"செத்தாலும் இதே விதிதான். நீங்களே எழுதச் சொன்னது."

"புதுப் பங்கு அவளுக்குக் கொடுத்தா?"

"வெளியாளுக்குக் கொடுக்க எழுபத்தஞ்சு."

"கம்பெனியையே கலைச்சுட்டா?"

"அதுக்கும் எழுபத்தஞ்சு."

விதியை மாற்றத் தம்பியின் ஓட்டு வேண்டும். தம்பி ஒரு விலை சொன்னார்: நோக்கப் பிரிவில் நிலம் வாங்குதல், விற்றல், கட்டடம் கட்டுதல் ஆகியவற்றைச் சேர்க்க வேண்டும். அதற்கு அண்ணனின் ஓட்டு இல்லாமல் எழுபத்தைந்து வராது. ஆக, ஒருவர் பூட்டுக்கு மற்றவர் கையில் சாவி. அண்ணன் நோக்கத்தை விரிப்பது, தம்பி விதியில் 'மகள்' என்ற சொல்லைச் சேர்ப்பது என்று வாய்ப்பேச்சில் முடிந்தது.

பொதுக்கூட்ட அறிவிப்பு இருபத்தொரு நாள் முன்னதாகவே சென்றது. அதைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். முறையேடு முதலில், விதிகள் அடுத்து என்பது எங்கள் அலுவலகப் பழக்கம். அதனால் முதல் தீர்மானம் நோக்கப் பிரிவு, இரண்டாவது தீர்மானம் பதினான்காம் விதி. இரண்டும் நிறைவேறினால்தான் இரண்டும் செல்லும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். ஆடிட்டருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அண்ணன் தம்பிக்கு இடையில் அப்படி எழுதுவது அவமதிப்பு என்று வாஷர்காரரே நினைத்திருப்பார்.

கூட்டம் தொழிற்சாலையின் மாடி அறையில் நடந்தது. ஆடிட்டரோடு நானும் போயிருந்தேன். உறுப்பினர்கள் இருவர். மகள் உறுப்பினர் அல்லள், குறிப்பெடுக்க வந்திருந்தாள். முதல் தீர்மானத்துக்கு அறுபதும் நாற்பதும் ஆதரவு. அவள் எழுதிக்கொண்டாள். இரண்டாவது தீர்மானத்தைத் தலைவர் வாசித்தார்.

சின்னவர் தேநீரை முழுவதும் குடித்து முடித்தார். "இதுக்கு நான் எதிர்ப்புண்ணே."

"என்னடா சொல்றே?"

"எனக்கும் ஒரு மகன் இருக்கான். அவனுக்கு நீங்க எழுதின விதியிலேயே இடம் இருக்கு. அதை எதுக்கு மாத்தணும்?"

"வாக்குக் கொடுத்தேடா!"

"கோபப்படாதீங்க. மருமகன் வந்திருவான்னு எழுதினீங்க. அந்தப் பயம் எனக்கும் இருக்கக் கூடாதா?"

"எனக்கு முப்பத்தெட்டு வயசு சித்தப்பா," என்றாள் மகள். "எந்த மருமகன்?"

"நீ எழுதும்மா. எதிர்ப்பு நாற்பது." அவர் எழுந்து சட்டையைச் சரி செய்தார். "ஊர்ல இருக்கிற குழாயெல்லாம் ஒழுகாம அடைச்சீங்கண்ணே. வீட்டையும் அப்படியே அடைச்சுட்டீங்க."

அறுபதுக்கு நாற்பது. தோல்வி. முதல் தீர்மானத்தைத் திரும்பப் பெறவும் எழுபத்தைந்து வேண்டும் என்பதை அன்று யாரும் வாஷர்காரருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

படியிறங்கும்போது மகள் அவர் கையைப் பிடிக்கவில்லை. "எனக்கு ஆறு வயசுலயே நீங்க எனக்கு எதிரா ஓட்டுப் போட்டுட்டீங்கப்பா. சித்தப்பா இன்னிக்குத்தான் போட்டார்," என்றாள். பிறகு கலவை அறைக்குப் போனாள். அன்றைய வார்ப்பு பாதியில் நின்றிருந்தது.

வாஷர்காரர் மே மாதம் இறந்தார். விதிப்படி அறுபது பங்கும் முகமதிப்பில் சின்னவருக்குச் சென்றன. அந்தத் தொகையில் ஒரு வார்ப்பு இயந்திரத்தின் மோட்டார்கூட வாங்க முடியாது. இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடி எழுந்திருக்கிறது. மகள் வேறு ஒருவரின் தொழிற்சாலையில் கலவை அறையைப் பார்த்துக்கொள்கிறாள்.

கம்பெனிப் பத்திரங்களில் வாஷர்காரர் கடைசியாகக் கைவைத்தது எங்கள் அலுவலகத்தில். கூட்டக் குறிப்பில் மகளின் கையெழுத்தில் இருந்த "இரண்டாவது தீர்மானம் நிறைவேறவில்லை" என்ற வரியின் கீழ்த் தலைவராகக் கையெழுத்திட்டார். திருத்திய முறையேட்டின் பக்கங்களிலும் இட்டார். செயல்முறை விதிகளில் மாற்றம் இல்லை, கையெழுத்துத் தேவையில்லை என்று சொன்னேன். கேட்டுக்கொண்டார். பின்பு பதினான்காம் விதி இருந்த பக்கத்தைத் தேடி எடுத்து, அதன் கீழும் கையெழுத்திட்டு, தேதி போட்டார்: 2016 மார்ச் 9.