கத்தாமல் பேச ஒரு கால்மணி நேரம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளைச் சத்தக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பாவம், அவள் மேல் தப்பில்லை. துவைக்கும் இயந்திரங்கள் ஒரு பக்கம், படுக்கை விரிப்புகளை இழுத்துத் தேய்க்கும் சூட்டு உருளை இன்னொரு பக்கம் என்று காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் மெதுவாகப் பேசினால் யார் காதில் விழும்? விரிப்பின் அந்த முனையைப் பிடித்திருப்பவளிடம் "இழு" என்று சொல்லவே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். கத்திக் கத்தி அதுவே குரலாகிவிட்டது.

அந்தக் குரல் ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தைக் கெடுத்திருந்தது. வாரக்கணக்கில் நன்றாக மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென்று போன் செய்ய, இவள் உருளைப் பக்கம் நின்றபடி "ஹலோ" என்று ஒரு போடு போட்டாள். அதோடு மனிதர் ஆளே காணோம். இப்போது பேசுகிறவர் லிப்ட் பழுது பார்ப்பவர். மனைவியை இழந்தவர், ஒரு பூனை வளர்க்கிறார். இவரும் போய்விட்டால் இன்னொருவரோடு முதலிலிருந்து ஆரம்பிக்க அவளிடம் தெம்பில்லை. நாற்பதைத் தாண்டிய உடம்பு, வீட்டுக்கு வந்தால் கட்டில் விளிம்பில் உட்காரத்தான் சரியாக இருக்கிறது.

பேசலாமா என்று அவர் இரண்டு முறை கேட்டும் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தாள். விஷயம் தெரிந்து தங்கைதான் பிடித்து உலுக்கினாள். எந்த நேரம் என்று முன்கூட்டியே பேசி வை, கால்மணி நேரம்தான் என்றும் சொல்லிவிடு, எப்போது முடியும் என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும் என்றாள். மெசேஜில் விட்ட இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாமாம். இன்றைய வேலை, பூனை, சமையல், இது போதுமாம். முறிந்துபோன தன் பழைய கல்யாணக் கதையை முதல் நாளே அவிழ்க்கக் கூடாதாம்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்ததும், சொன்ன நேரத்துக்குப் போன் அடித்தது. எடுத்தாள்.

வேலை முடிந்ததா என்று கேட்டாள். முடிந்தது என்றார். பூனை நன்றாக இருக்கிறதா? இருக்கிறது. சாப்பிட்டாயிற்றா? ஆயிற்று. தங்கை சொல்லிக் கொடுத்த அத்தனையும் ஒரே மூச்சில் தீர்ந்துபோயின. ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்வியாகக் கேட்டால் எதிராளியும் என்னதான் செய்வார்? இரண்டு பக்கமும் மௌனம். அவளுக்குப் போனை வைத்துவிடலாமா என்றிருந்தது. இவ்வளவு அசதியில் நடிக்கவும் முடியவில்லை.

"எனக்குப் படபடப்பா இருக்குங்க," என்றாள். "என்ன பேசறதுன்னே தெரியல. குரல் வேற பெருசா இருக்கும், தப்பா நினைக்காதீங்க."

அவர் மூச்சு விடுவது கேட்டது. "எனக்கும்தாங்க. லிப்டுல ஆள் மாட்டிக்கிட்டா வெளிய நின்னு தைரியம் சொல்றவன் நான். இன்னைக்கு நானே உள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. தோள் சற்று இறங்கியது. அடுத்த கேள்வி தானாக வாயில் வந்தது.

"மாட்டிக்கிட்டவங்ககிட்ட என்னதான் பேசுவீங்க?"

இதற்கு ஆமாம், இல்லை என்று சொல்லிவிட முடியாதே. அவர் பேச ஆரம்பித்தார். பயப்படாதீர்கள் என்று சொன்னால் பயம் கூடத்தான் செய்யுமாம். கையில் பை இருந்தால் உள்ளே என்ன வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்பாராம். அதை எடுத்துப் பார்த்துப் பதில் சொல்லும்போதே மூச்சு சீராகிவிடுமாம். ஒரு தடவை ஒரு அம்மா பையிலிருந்த வெங்காயத்தின் விலையைச் சொல்லி, கடைக்காரனைத் திட்டி முடிப்பதற்குள் கதவே திறந்துவிட்டதாம். எந்தக் கடை என்று இவள் கேட்டாள். உங்கள் ஆஸ்பத்திரி லிப்டில் யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று அவர் கேட்டார். பேச்சு பேச்சை இழுத்துக்கொண்டு போனது. தான் கத்துகிறோமா என்று பார்க்கவே அவளுக்கு மறந்துபோயிற்று.

"சரி, இப்போ உங்க முன்னாடி என்ன இருக்கு?" என்று கேட்டார்.

அவள் குனிந்து பார்த்தாள். சொல்ல வெட்கமாக இருந்தது.

"ஷூ. வந்து இன்னும் கழட்டக்கூட இல்ல. குனிய முடியல."

"அப்போ மொதல்ல அதைக் கழட்டுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போனைக் கட்டிலில் வைத்தாள். நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய கயிற்றின் முடிச்சு லேசில் அவிழவில்லை. ஒன்றைக் கழற்றி, வீங்கிய பாதத்தைத் தரையில் வைத்து, மற்றதைக் கழற்றினாள். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. சற்று முன் எந்த மௌனத்துக்கு நடுங்கினாளோ அதே மௌனம்தான், ஆனால் அவசரப்படத் தோன்றவில்லை. விரல்களை நீவிவிட்டுக்கொண்டாள். அவள் வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்வரை ஒரு மனிதர் காத்திருந்து எத்தனை வருஷம் ஆகிறது. கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"இருக்கீங்களா?" என்றாள், மெதுவாக.

"இருக்கேன்," என்றார்.